உடனே வைப்பதா, உறையவைத்துப் பிறகு வைப்பதா?

முட்டை எடுத்தாயிற்று. ஆய்வகத்தில் கருக்களும் உருவாகிவிட்டன. ஆனால் டாக்டர் ஒன்றைக்கூட உள்ளே வைக்கவில்லை. "எல்லாத்தையும் ஃப்ரீஸ் பண்ணிட்டோம். வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க. அடுத்த பீரியட்ஸ் வந்த ரெண்டாம் நாள் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். சாலவாக்கத்திலிருந்து பஸ் மாறி செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோ போய்வரும் ஒரு தம்பதிக்கு இது பெரிய குழப்பம். பணம் கட்டியாயிற்று, பத்து நாள் ஊசியும் போட்டாயிற்று, கரு நன்றாக வந்திருக்கிறது என்றும் சொல்கிறார்கள். பிறகு ஏன் காத்திருக்க வேண்டும்? ஐஸில் வைத்த கரு கெட்டுப்போகாதா? வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் இந்தக் கேள்விகள் நியாயமானவை. இவற்றுக்கு இன்று தெளிவான விடை உண்டு. அந்த விடை எல்லாப் பெண்களுக்கும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு பெண்ணை வைத்துக் கணக்குப் பார்ப்போம். கற்பனைப் பெண்தான், ஆனால் நம் ஊர்களில் அடிக்கடி காணும் நிலைமை. வயது 28. சினைப்பையில் நீர்க்கட்டி, அதாவது பிசிஓடி. மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. மாத்திரையும் மற்ற சிகிச்சைகளும் பலன் தராமல் டெஸ்ட் டியூப் பேபி சிகிச்சைக்கு வந்திருக்கிறார்.

இயல்பாக ஒரு மாதத்தில் ஒரு முட்டைதான் முதிரும். அந்த ஒரு முட்டையைச் சுற்றியுள்ள நுண்ணறை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 300 பிகோகிராம் அளவுக்கு உயரும். சிகிச்சையில் தினமும் ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை ஒரே நேரத்தில் வளர்க்கிறார்கள். நீர்க்கட்டி உள்ள பெண்ணின் சினைப்பையில் சிறு நுண்ணறைகள் ஏராளம் என்பதால் அவை கூட்டமாக வளர்ந்துவிடும். நம் கற்பனைப் பெண்ணுக்கு 22 முட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் சேர்ந்து சுரக்கும்போது ஈஸ்ட்ரோஜன் 4,000, 5,000 என்று போய்விடும். இயற்கையில் எந்த மாதத்திலும் அந்த உடம்பு கண்டிராத அளவு இது.

இந்த அளவு இரண்டு இடங்களில் வேலையைக் காட்டுகிறது. முதலாவது, கருப்பையின் உள்சவ்வு. கரு வந்து ஒட்டிக்கொள்வதற்கு அந்தச் சவ்வு மாதத்தில் சில நாட்கள் மட்டுமே தயாராக இருக்கும். புரோஜெஸ்டிரோன் சுரக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓட ஆரம்பிக்கும். பல முட்டைகள் வளரும் மாதத்தில், முட்டை எடுப்பதற்கு முன்பே புரோஜெஸ்டிரோன் கொஞ்சம் கூடிவிடுவதுண்டு. அப்படியானால் சவ்வின் கடிகாரம் முன்னால் ஓடிவிடும். ஐந்தாம் நாள் கருவை உள்ளே வைக்கும்போது சவ்வு அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்கலாம். கரு நன்றாக இருந்தும் ஒட்டாமல் போவதற்கு இது ஒரு காரணம். அதனால்தான் முட்டை எடுப்பதற்கு முந்தைய கடைசி ஊசிக்கான நாளில் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் பார்க்கிறார்கள். மில்லிலிட்டருக்கு 1.5 நானோகிராமைத் தாண்டினால் அந்த மாதம் கருவை வைக்கப் பல மருத்துவர்கள் தயங்குவார்கள்.

இரண்டாவது இடம்தான் உயிரோடு தொடர்புள்ளது. வளர்ந்த முட்டைகளை முதிரவைக்க, எடுப்பதற்கு சுமார் 36 மணி நேரம் முன்பு ஒரு கடைசி ஊசி போடுவார்கள். வழக்கமாக அது எச்.சி.ஜி. ஊசி. நுண்ணறைகள் மிகுதியாக உள்ள பெண்ணுக்கு இந்த ஊசி சினைப்பையிலிருந்து ஒரு வேதிப்பொருளை அதிகமாக வெளிவிடச் செய்கிறது. அந்தப் பொருள் ரத்த நாளங்களைக் கசியவைக்கும். ரத்தத்தின் நீர் வயிற்றுக்குள் இறங்கும். வயிறு உப்பும், எடை ஒரே நாளில் ஒரு கிலோ கூடும், சிறுநீர் குறையும், மூச்சு வாங்கும். ரத்தம் கெட்டிப்பட்டு நாளங்களில் உறைவதும் உண்டு. இதை ஓ.எச்.எஸ்.எஸ். என்பார்கள். பெரும்பாலும் லேசாக வந்து போய்விடும், ஆனால் கடுமையானால் ஐசியு வரை கொண்டுபோகும். உயிரிழந்தவர்களும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த மாதமே கருவை வைத்து அது தங்கிவிட்டால், கருவே எச்.சி.ஜி.யைச் சுரக்கத் தொடங்கும். அடங்க வேண்டிய கசிவு அடங்காமல் இன்னும் பல நாட்கள் நீளும். எதிர்பார்த்த நல்ல செய்தியே அந்தப் பெண்ணின் உடம்புக்கு ஆபத்தாகிவிடும். ஆகவே மருத்துவர்கள் வழியை மாற்றினார்கள். கடைசி ஊசியாக எச்.சி.ஜி.க்குப் பதில் வேறொரு ஊசி போட்டு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியையே கொஞ்ச நேரம் சுரக்கவைக்கிறார்கள். முட்டை முதிர்ந்துவிடும், தூண்டுதலும் சீக்கிரம் அடங்கிவிடும். குறை என்னவென்றால், முட்டை எடுத்த பிறகு சினைப்பை சட்டென்று ஓய்ந்துவிடுவதால் கருவைத் தாங்கும் ஹார்மோன் போதாமல் போகும். அந்த மாதம் கருவை வைத்தால் தங்கும் வாய்ப்பு குறைவு. கருவை உறையவைத்து அடுத்த மாதம் வைத்தால் இந்தக் குறையே எழாது. நம் 28 வயதுப் பெண்ணை டாக்டர் வீட்டுக்கு அனுப்பியதற்கு முதல் காரணம் இதுதான், என் பார்வையில் மிக வலுவான காரணமும் இதுதான்.

தூண்டிய மாதத்தில் கருவை வைக்காமல் பிந்திய மாதத்தில் வைப்பது புதுச் சிந்தனை என்று நினைத்துவிட வேண்டாம். உலகின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை இங்கிலாந்தில் 1978 ஜூலை 25-ல் பிறந்தது. பத்து வாரம் கழித்து, அக்டோபர் 3-ல், கொல்கத்தாவில் துர்கா என்ற குழந்தை பிறந்தது. அதற்குக் காரணமானவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. உறைநிலை அறிவியல் தெரிந்த சுனித் முகர்ஜியும், மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும் அவருடன் இருந்தார்கள். ஹார்மோன் ஊசியால் முட்டைகளை வளர்த்து எடுத்து, கருவாக்கி, எட்டு செல் நிலையில் கருவை உறையவைத்து, 53 நாட்கள் கழித்து ஊசி போடாத இயல்பான மாதத்தில் உள்ளே வைத்தார்கள். இங்கிலாந்துக் குழு அப்படிச் செய்யவில்லை. ஊசி போடாத மாதத்தில் தானாக முதிர்ந்த ஒரே முட்டையைக் கொண்டு, அதே மாதத்தில் கருவை வைத்தது. இன்று உலகம் முழுவதும் பல மையங்கள் செய்வது முகர்ஜி செய்ததைத்தான்.

ஆனால் அவருக்குக் கிடைத்தது வேறு. மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் கூறியதை நம்பவில்லை. அவர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகத் தடை வந்தது. கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். 1981 ஜூனில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உறையவைத்த கருவிலிருந்து குழந்தை பிறந்ததாக ஆஸ்திரேலியக் குழு 1984-ல் அறிவித்ததுதான் உலகின் முதல் சாதனையாகப் பதிவானது. மும்பையில் 1986-ல் பிறந்த குழந்தைக்குத்தான் இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை என்ற பெயர். அந்தக் குழந்தைக்குக் காரணமான அறிவியலாளர்களில் ஒருவரான டி.சி.ஆனந்த குமார், முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, 1997-ல் முதலிடம் முகர்ஜிக்கே உரியது என்று எழுதினார். தனக்கு வந்த பெருமையைத் தானே இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்த அந்த நேர்மையை மறக்கக் கூடாது.

அப்படியென்றால் இந்த முறை பரவ ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? ஐஸ்தான் காரணம். கரு என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான உருண்டை. அதன் செல்களில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் உறையும்போது கூர்மையான படிகமாகிச் செல்லின் சவ்வைக் கிழித்துவிடும். பழைய முறையில் நிமிடத்துக்கு 0.3 டிகிரி என்ற வேகத்தில் மெல்ல மெல்லக் குளிர்வித்து, செல்லிலிருந்து தண்ணீர் வெளியேற நேரம் கொடுத்தார்கள். அப்படியும் கணிசமான கருக்கள் அழிந்தன. ஐந்தாம் நாள் கருவின் நடுவே நீர் நிறைந்த குழி இருப்பதால் அதற்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இன்றைய முறை தண்ணீருக்குப் படிகமாக நேரமே கொடுக்காது. முதலில் கருவின் நடுக்குழியை லேசரால் துளையிட்டுச் சுருங்கவைக்கிறார்கள். பிறகு எத்திலீன் கிளைக்கால், டி.எம்.எஸ்.ஓ. என்ற இரண்டு பாதுகாப்புத் திரவங்கள் குறைந்த அளவில் கலந்த கரைசலில் பத்து நிமிடங்களுக்குமேல் வைக்கிறார்கள். கரு முதலில் சுருங்கி, பிறகு பழைய அளவுக்குத் திரும்பும். அடுத்து அதே திரவங்கள் இரட்டிப்பாகவும் சர்க்கரை கூடவும் உள்ள கரைசலில் சுமார் ஒரு நிமிடம். இந்த ஒரு நிமிடம்தான் எம்பிரியாலஜிஸ்டின் கைத்திறனுக்குச் சோதனை. கூடினால் திரவத்தின் நச்சு கருவைக் கெடுக்கும், குறைந்தால் உள்ளே தண்ணீர் மிஞ்சும். அந்த நேரத்துக்குள் கருவை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் இலையின் நுனியில், கண்ணுக்குத் தெரியாத அளவு திரவத்தோடு ஏற்றி, மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனில் முக்கிவிடுவார்கள். நிமிடத்துக்கு இருபதாயிரம் டிகிரி வேகத்தில் அது குளிர்கிறது. வெல்லப்பாகு முற்றிய பதத்தில் சட்டென ஆறினால், படிகமே இல்லாமல் கண்ணாடிபோல இறுகுமே, கருவுக்குள் நடப்பதும் அதுதான். அந்தக் குளிரில் வேதிவினை எதுவும் நடக்காது. ஒரு மாதம் இருந்தாலும் ஐந்து வருடம் இருந்தாலும் கருவுக்கு வயதாவதில்லை. தொட்டியில் நைட்ரஜன் குறையாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் மையத்தின் பொறுப்பு, அதில் தவறினால் எல்லாம் போய்விடும்.

எடுக்கும்போது இன்னும் வேகம் வேண்டும். இலையை நைட்ரஜனிலிருந்து எடுத்து ஒரு நொடியில் 37 டிகிரி வெப்பமுள்ள சர்க்கரைக் கரைசலில் இறக்குகிறார்கள். தாமதித்தால், இறுகிய கண்ணாடி உருகும் வழியிலேயே படிகமாகிவிடும். பிறகு இரண்டு மூன்று மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் கவனிப்பார்கள். பிழைத்த கருவின் நடுக்குழி மறுபடி நிரம்பி விரியும். பிழைக்காதது கறுத்து, சுருங்கியே கிடக்கும். கை தேர்ந்த ஆய்வகங்களில் நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிழைக்கின்றன. எனவே "உறையவைத்தால் கெட்டுவிடுமா" என்ற கேள்விக்கு விடை, அந்த ஆய்வகத்தைப் பொறுத்தது என்பதே. "உங்களிடம் கரைத்தெடுத்த கருவில் நூற்றுக்கு எத்தனை பிழைக்கிறது?" என்று மையத்தில் நேரடியாகக் கேட்கலாம். கேட்க உரிமை உண்டு.

நம் பெண்ணின் கதைக்கு வருவோம். மாதவிடாயின் இரண்டாம் நாள் போகிறார். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, நாளுக்கு ஆறு மில்லிகிராம். பன்னிரண்டாம் நாள் வாக்கில் ஸ்கேன். உள்சவ்வு ஏழு மில்லிமீட்டருக்குக் குறையாமல், மூன்று கோடுகளாகத் தெரிந்தால் புரோஜெஸ்டிரோன் தொடங்குகிறார்கள். அதை ஆரம்பித்து முழுதாக ஐந்து நாள் முடிந்ததும் ஐந்தாம் நாள் கரு ஒன்றை உள்ளே வைக்கிறார்கள். கருவின் கடிகாரமும் சவ்வின் கடிகாரமும் இப்போது ஒரே நேரம் காட்டுகின்றன. மயக்க மருந்து தேவையில்லை, சில நிமிட வேலை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. மீதிக் கருக்கள் தொட்டியில் இருக்கின்றன. இந்த முறை பலிக்காவிட்டாலும் மறுபடி முட்டை எடுக்க வேண்டியதில்லை.

இவருக்கு இது நல்ல முடிவு என்பதற்குச் சான்று இருக்கிறது. சீனாவில் நீர்க்கட்டி உள்ள 1,508 பெண்களிடம் நடந்த பெரிய ஒப்பீடு 2016-ல் வெளியானது. முதல் முயற்சியில் உடனே வைத்தவர்களில் நூற்றுக்கு 42 பேருக்குக் குழந்தை பிறந்தது, உறையவைத்து வைத்தவர்களில் 49 பேருக்கு. ஓ.எச்.எஸ்.எஸ். நூற்றுக்கு 7 பேரிலிருந்து ஒருவருக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியது.

ஆனால் மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்களுக்கு? சீனாவில் இன்னொரு பெரிய ஆய்வும், வியட்நாமின் ஹோசிமின் நகரில் நீர்க்கட்டி இல்லாத 782 பெண்களிடம் நடந்த ஆய்வும் 2018-ல் வந்தன. இரண்டிலும் குழந்தை பிறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முட்டையே குறைவாக வரும் பெண்களுக்கு நிலைமை தலைகீழ். 2025-ல் வெளியான சீன ஆய்வில், உடனே வைத்தவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கும் உறையவைத்தவர்களில் 32 பேருக்கும்தான் குழந்தை பிறந்தது. முப்பத்தெட்டு வயதில் நாலு முட்டையும் ஒரு கருவும் கிடைத்த பெண்ணுக்கு, காரணம் சொல்லாமல் "நாங்கள் எல்லோருக்கும் ஃப்ரீஸ்தான்" என்றால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அவருக்கு ஓ.எச்.எஸ்.எஸ். பயமும் இல்லை, உறையவைத்துக் கரைப்பதில் அந்த ஒரே கருவை இழக்கும் அபாயம்தான் உண்டு. உறையவைத்தால் மையத்துக்கு வேலை நாட்களைத் திட்டமிடுவது எளிது, சேமிப்புக் கட்டணமும் வரும். மருத்துவக் காரணமும் வசதிக் காரணமும் ஒன்றாகக் கலந்திருக்கும் இடம் இது. பிரித்துக் கேட்பது நம் வேலை. சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2021-ம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் கருவை உறையவைக்கக் கூடாது. பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

இனிச் சொல்லப்போவது சிகிச்சை மையத்தில் அதிகம் பேசப்படாதது. அதே 2016 ஆய்வில், உறைநிலைக் கருவால் கர்ப்பமான பெண்களுக்கு பிரி-எக்ளாம்ப்சியா, அதாவது பிபி ஏறி சிறுநீரில் உப்பு எனப்படும் புரதம் போகும் நோய், நூற்றுக்கு நாலு பேருக்கு மேல் வந்தது. உடனே வைத்தவர்களில் அது ஒன்றரைக்கும் குறைவு. 2019-ல் வந்த இன்னொரு ஆய்விலும் இப்படியே மூன்று மடங்கு. குழந்தையும் சற்றுப் பெரிதாகப் பிறக்கிறது. உடனே வைத்த முறையில் சற்றுச் சிறிதாகப் பிறக்கும்.

காரணம் மாத்திரை முறையில் இருப்பதாகத் தெரிகிறது. இயல்பான மாதத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் திரள் என்ற தற்காலிகச் சுரப்பி உருவாகும். அது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் மட்டுமல்லாமல், தாயின் ரத்த நாளங்களைத் தளர்த்தும் ரிலாக்சின் போன்றவற்றையும் சுரக்கும். மாத்திரை கொடுத்துத் தயார்செய்த மாதத்தில் முட்டை வெளியேறுவதே இல்லை. மஞ்சள் திரளும் இல்லை. முதல் இரண்டு ஹார்மோன்களை நாம் கொடுத்துவிடுகிறோம், மற்றவற்றைக் கொடுப்பதில்லை. முட்டை தானாக வெளியேறும் மாதத்தைப் பயன்படுத்தி உறைநிலைக் கருவை வைக்கும்போது இந்த நோய் குறைவாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொல்கத்தாவில் 1978-ல் செய்தது அப்படிப்பட்ட மாதத்தில்தான். ஒழுங்காக மாதவிடாய் வரும் பெண் "எனக்கு நேச்சுரல் சைக்கிளில் வைக்க முடியுமா?" என்று கட்டாயம் கேட்க வேண்டும். ஸ்கேனுக்குக் கூடுதலாக இரண்டு மூன்று நடை போக வேண்டிவரும், நாளையும் முன்கூட்டிக் குறிக்க முடியாது. நீர்க்கட்டி உள்ளவருக்கு முட்டை பெரும்பாலும் தானாக ஒழுங்காக வெளியேறாது என்பதால், லெட்ரோசோல் மாத்திரையால் அதை வரவழைத்துச் செய்ய முடியுமா என்று கேட்கலாம்.

கர்ப்பம் உறுதியானதும் சிகிச்சை மையத்தின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மீதி மாதங்களில் பிபி பார்ப்பது ஊரிலுள்ள கிராம சுகாதார செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையமும்தான். டெஸ்ட் டியூப் சிகிச்சை என்பதை அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள விரும்புவோர் பலர், அதில் தவறில்லை. ஆனால் நர்ஸம்மாவிடம் மறைக்க வேண்டாம். "உறையவைத்த கரு, மாத்திரை கொடுத்து வைத்தது" என்ற விவரம் தாய்சேய் நல அட்டையில் ஏற வேண்டும். பிரி-எக்ளாம்ப்சியாவைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்பதை நான்காம் மாதத்துக்குள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், பிந்தினால் பலன் குறைவு. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பிபியும் சிறுநீரில் உப்பும் பார்க்கச் சொல்லுங்கள். பிபி 140/90-ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் என்று எது வந்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.